கோடு போடுவதற்கு முன் ஒரு கணக்கு

வீடு கட்டப்போகிறவர் பொறியாளருக்குத் தன் விருப்பங்களை இப்படி எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “மனை 30க்கு 40. கீழே இரண்டு படுக்கையறை, பாத்ரூம் இரண்டு, பெரிய ஹால், சமையலறை, ஈசானியத்தில் பூஜையறை, கார் நிறுத்த இடம். மாடிப்படி வீட்டுக்குள் வர வேண்டும். பின்னால் மாடி கட்டி வாடகைக்கு விடுவோம். 25 லட்சத்துக்குள் முடித்துத் தரவும்.”

படித்தால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோலத்தான் தெரியும். பென்சிலை எடுப்பதற்கு முன் கூட்டிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் விட வேண்டிய காலியிடம் ஊருக்கு ஊர், சாலை அகலத்துக்கு ஏற்ப மாறும். முன்னால் 5 அடி, மற்ற மூன்று பக்கமும் 3 அடி என்று கொண்டால் மிஞ்சுவது 24க்கு 32. வெளிச்சுவரின் 9 அங்குலத்தைக் கழித்தால் உள்ளே சுமார் 686 சதுர அடி. இனி விருப்பப்பட்டியல்: ஹால் 216, படுக்கையறைகள் 288, சமையலறை 100, பாத்ரூம்கள் 64, பூஜையறை 16, படி 78, கார் 144. மொத்தம் 906. உள்சுவர்களை இன்னும் சேர்க்கவே இல்லை. எதையாவது சுருக்க வேண்டும், அல்லது ஓர் அறையை மாடிக்கு ஏற்ற வேண்டும். எது என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகளில் இருக்கிறது. படி வீட்டுக்குள் என்றால் மாடிக் குடித்தனக்காரர் தினமும் இவர்கள் ஹால் வழியாகத்தான் ஏறி இறங்குவார். படியை வெளியே எடுத்தால் அது கார் நிற்கும் இடத்தைத் தின்னும். “படி எங்கே வேண்டும்?” என்று மொட்டையாகக் கேட்டால், “உள்ளேதான்னு எழுதியிருக்கேனே சார்” என்றுதான் பதில் வரும். “மாடியை வாடகைக்கு விடுவதானால் படி வெளியே, கார் தெருவில். படி உள்ளே என்றால் மாடியும் உங்களுக்கே. எது?” என்று விளைவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கி அந்தக் கடிதத்தோடு இணைப்பது நல்லது. ஆறு மாதம் கழித்து இருவருக்குமே ஞாபகம் வேறு வேறாக இருக்கும்.

பிறகு எழுதாமல் விட்டவை. 25 லட்சத்தில் போர்வெல், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் சேர்த்தியா? பெரும்பாலோர் மனதில் வீட்டின் விலை மட்டும்தான் ஓடும். மனை எந்தத் திசை பார்த்தது? கிழக்கும் வடக்கும் தெரியாமல் ஈசானிய மூலையை எங்கே வைப்பது? முழங்கால் வலியோடு படி ஏற முடியாத பெரியவர் யாராவது வீட்டில் உண்டா? உண்டென்றால் ஓர் அறையை மாடிக்கு மாற்றினாலும் அவருடைய அறையும் பாத்ரூமும் கீழேயே இருந்தாக வேண்டும்.

‘பெரிய ஹால்’ என்றால் எவ்வளவு பெரிது? இப்போது குடியிருக்கும் வீட்டு ஹாலை டேப் வைத்து அளந்து வரச் சொன்னால் விஷயம் முடிந்தது. சமையலறைக்கோ அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு சொல். கிரைண்டர் எங்கே, சிலிண்டர் உள்ளேயா வெளியேயா, பாத்திரம் கழுவுவது எங்கே என்றெல்லாம் கடிதம் எழுதியவரிடம் கேட்டுப் பயனில்லை. அங்கே தினமும் சமைப்பவரைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.