கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணி

தாலிக்கொடி அறுந்தால் தெரியாமலா போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என் சித்தியும் அப்படித்தான் நினைத்திருந்தார். போன ஆடிப்பெருக்கன்று மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தங்கக் கொடியைக் கழற்றிக் கையில் எடுத்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொடி முழுசாக இருந்தது. தாலி இருந்தது, குண்டுகள் இருந்தன. தாலிக்கு இரு பக்கமும் தொங்க வேண்டிய லட்சுமி காசில் ஒன்றுதான் இல்லை. எப்போது விழுந்தது, எங்கே விழுந்தது, எதுவும் தெரியவில்லை. ரவிக்கைக்குள் கிடக்கும் நகையை யார் தினம் எண்ணிப் பார்க்கிறார்கள்?

இரண்டு நாள் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கொடியை எடுத்துக்கொண்டு பழக்கமான பத்தரிடம் போனோம். அவர் மிச்சமிருந்த காசைத் திருப்பி, அதன் தலையில் இருக்கும் காதைக் காட்டினார். கொடி நுழைகிற அந்தச் சின்ன வளையத்தின் மேல்பக்கம் தேய்ந்து நூல் மாதிரி ஆகியிருந்தது. இன்னொரு காசும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தது.

“காசு போனது போகட்டும்மா, இதைப் பாருங்க” என்று கொக்கியைத் தன் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். கொக்கி மாட்டுகிற கடைசி வளையம் வட்டமாகவே இல்லை. ஒரு பக்கம் கனமாகவும் எதிர்ப்பக்கம் பிறை நுனி போல மெலிந்தும் இருந்தது. கிணற்று உருளையில் கயிறு பதிந்த தடம் போல, கொக்கி உரசிய இடத்தில் ஒரு பள்ளம். “இது விட்டிருந்தா கொடியே சரிஞ்சிருக்கும்.”

கொடி வாங்கிய ரசீதைச் சித்தி பத்திரமாக வைத்திருந்தார். காசு, குண்டு, தாலி எதுவும் சேராமல் வெறும் கொடி மட்டும் நாலு பவுன், அதாவது 32 கிராம். வாங்கி 22 வருஷம். பத்தர் அழுக்குப் போகக் கழுவி, துடைத்து, உலர்த்தித் தராசில் வைத்தார்: 31.620. குறைந்தது 380 மில்லிகிராம். இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. அந்தக் குறைவு கொடி முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் தேய்மானம் அப்படிப் பரவுவதில்லை. கண்ணியும் கண்ணியும் உட்காரும் இடத்தில்தான் உரசல். அதிலும் கொக்கியை ஒட்டிய வளையங்களிலும், தாலியும் காசும் தொங்குகிற முன்பக்கத்துக் கண்ணிகளிலும்தான் அது அதிகம். நடக்கும்போது, குனியும்போது, படுத்துப் புரளும்போதெல்லாம் தாலியின் காதும் குண்டின் துளை விளிம்பும் அந்த நாலைந்து கண்ணிகள் மேலேயே அரம் போல ஓடிக்கொண்டிருக்கின்றன. இருபத்திரண்டு காரட் தங்கம் மெதுவான உலோகம். இந்த உரசலுக்கு அது இடம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். மொத்த எடையைப் பார்த்து ஆறுதல் அடைய முடியாது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

வீட்டிலேயே இதைப் பார்த்துவிடலாம். முதலில் கழுவ வேண்டும், ஏனென்றால் மஞ்சளும் சந்தனமும் சோப்பும் வியர்வையும் சேர்ந்து கண்ணி இடுக்குகளை மெழுகு போல அடைத்துவைத்திருக்கும். மெலிந்த கண்ணி அந்த அழுக்கால் கனமாகத் தெரியும். சில சமயம் வாய் பிளந்த கண்ணியை அழுக்குதான் சேர்த்துப் பிடித்திருக்கும். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பூந்திக்கொட்டைக் கரைசல், கால் மணி நேரம் ஊறல், பிறகு குழந்தைகளின் மெல்லிய பல் தேய்க்கும் பிரஷ். குழாயடியில் கழுவாதீர்கள். எதுவும் உதிர்ந்தால் கிண்ணத்தின் அடியிலேயே கிடக்கட்டும்.

உலர்ந்ததும் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி மேல் நீளமாகக் கிடத்துங்கள். நடுப்பக்கத்துக் கண்ணி ஒன்றையும் கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணியையும் அருகருகே பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மற்றவை உருண்டையாக இருக்க, ஒன்று மட்டும் நீண்டு முட்டை வடிவம் ஆகியிருந்தால் அது இழுபட்டிருக்கிறது. வாய் விட்டிருப்பதைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிடப் பட்டுத்துணி கெட்டி. பழைய பட்டுப்புடவைத் துண்டுக்குள் கொடியை வைத்து மெதுவாக உருவுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ, அங்கே பற்று விட்டிருக்கிறது அல்லது கூர்மை வந்திருக்கிறது. சித்தியின் கொடியை அப்படி உருவியபோது மூன்று இடத்தில் மாட்டியது.

அடுத்து கொக்கி. எஸ் வடிவக் கொக்கியாக இருந்தால், மாட்டிய பிறகு வளையம் தானாக வெளியே வர இடம் இருக்கிறதா என்று தளர்த்திப் பாருங்கள். கொக்கியின் நுனிக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி வளையத்தின் கம்பி கனத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அது கொஞ்சம் விரியும். வீட்டில் இடுக்கியால் நெருக்க வேண்டாம்; ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். திருகு வைத்ததாக இருந்தால், முழுக்க முடுக்கிய பிறகும் ஆடினால் மரை தேய்ந்துவிட்டது. வில் வைத்த கொக்கி என்றால், விரலை எடுத்ததும் நாக்கு சட்டென்று மூடுகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது வில் தளர்ந்திருக்கும்.

கடைசியாகத் தொங்குகிற உருப்படிகளின் காதுகள். கொடியில் முழுசாகக் கோத்த குண்டு, கொடி அறுந்தால் ஒழிய விழாது. காதில் தொங்கும் காசோ, கொடி நன்றாக இருக்கும்போதே சத்தமில்லாமல் விழுந்துவிடும். அதனால் கோத்திருப்பது எத்தனை உருப்படி என்ற எண்ணிக்கை மனதில் இருக்க வேண்டும். சித்தி இப்போது குளித்து முடித்ததும் விரலால் தொட்டு எண்ணிக்கொள்கிறார்: ஒன்பது.

தேய்ந்தது தெரிந்தால் பொடி வைத்து ஊதினால் போதுமா, கண்ணியையே மாற்ற வேண்டுமா? எங்கள் பத்தர் சொன்ன கணக்கு எளிது. பற்று மட்டும் விட்டிருந்தால் ஊதிவிடலாம். கம்பி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஊதிய இடம் கெட்டியாகி, மெலிந்த இடம் அதற்குப் பக்கத்திலேயே அறுந்துபோகும். சித்தியின் கொடிக்குக் கொக்கியின் இரு பக்க வளையங்களையும் முன்பக்கத்தில் நாலு கண்ணிகளையும் மாற்றினார். காசுக்குப் புதுக் காது வைத்தார். கொடுக்கும்போது ஒரு எடை, வாங்கும்போது ஒரு எடை, இரண்டையும் சீட்டில் எழுதி வாங்கினோம். இன்னொன்றும் சொன்னார்: எடை குறைவாகவும் பார்வைக்குப் பருமனாகவும் இருக்க உள்ளே பொள்ளலாகச் செய்த கொடிகள் வருகின்றன. அவை மேலே தேய்ந்து ஓட்டை விழுந்தால் ஊதுவது கடினம், மெல்லிய தகடு உருகிப்போகும். அந்த மாதிரிக் கொடியைத் தினசரிக்குப் போட்டால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

சித்திக்கு ஆடிப்பெருக்கும் காரடையான் நோன்பும்தான் கணக்கு. இரண்டு நாளும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வதால் கொடியைக் கழற்ற அவருக்கு மனம் சங்கடப்படாது. கழுத்து வெறுமையாகிவிடும் என்ற தயக்கத்தாலேயே எத்தனையோ வீடுகளில் கொடி வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதற்குக் கயிறு போதும்.

புறப்படும்போது பத்தர் சித்தியைக் கூப்பிட்டு நிறுத்தினார். கொடியில் எப்போதும் மாட்டியிருக்கும் மூன்று ஊக்குகளைச் சுட்டிக்காட்டி, “இரும்பு தங்கத்தைத் தின்னும்மா. முன்னால மாத்தின நாலு கண்ணியும் இது தின்னதுதான்” என்றார். புடவை மடிப்புக்கு, பிளவுஸுக்கு, அவசரத்துக்கு என்று முப்பது வருஷமாகத் தாலியில் ஊக்கு மாட்டிப் பழகிய கை அது. சித்தி அங்கேயே நின்று ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முந்தானை ஓரத்தில் குத்திக்கொண்டார்.