வெட்டுப்படாத சிப்பாய் எப்படித் தோற்கடிக்கும்?

1981ஆம் ஆண்டு இத்தாலியின் மெரானோ நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியின் ஒன்பதாவது ஆட்டம். 43ஆவது நகர்த்தலில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய விக்டர் கோர்ச்னாய் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தக் கணத்தில் பலகையில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. ராணியும் யானையும் இரு பக்கமும் சமம். எண்ணிக்கையில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தவர்தான் தோற்றார்.

அந்த ஆட்டத்தை அலசியவர்கள் தோல்விக்குக் காரணமாகக் காட்டுவது d4 கட்டத்தில் நின்ற ஒரு வெள்ளைச் சிப்பாயை. ஆனால் அனடோலி கார்ப்போவ் அந்தச் சிப்பாயைக் கடைசி வரை வெட்டவே இல்லை. ஆட்டம் முடிந்தபோதும் அது பலகையில் உயிரோடு நின்றது. பலவீனமான சிப்பாய் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடைப்பது கடினம்.

முதலில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்வோம். ஒரு சிப்பாயின் இடப்பக்க வரிசையிலும் வலப்பக்க வரிசையிலும் சொந்தச் சிப்பாய் எதுவும் இல்லாவிட்டால் அது தனித்த சிப்பாய். ஒரே நேர்வரிசையில் ஒரே நிறச் சிப்பாய்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் இரட்டைச் சிப்பாய். பக்கத்துச் சிப்பாய்கள் முன்னேறிவிட்டன, தான் முன்னே போனால் எதிரி வெட்டிவிடுவான் என்று பின்னால் மாட்டிக்கொண்டது பின்தங்கிய சிப்பாய். மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்றுதான். சிப்பாய்க்குச் சிப்பாயே மலிவான காவல். அந்தக் காவல் இல்லாதபோது குதிரையோ யானையோ ராணியோ காவலுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

புத்தகம் படித்து ஆட வருபவர்கள் இந்தப் பெயர்களைக் கற்றவுடனேயே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்: தனித்த சிப்பாய் இருக்கிறது, ஆகவே நிலை மோசம். தேர்ந்த ஆட்டக்காரர் அப்படி நிறுத்திக்கொள்ள மாட்டார். அந்தச் சிப்பாயை எதிரி எந்த வழியாக வந்து தாக்க முடியும்? அதற்கு நேர் முன்னே உள்ள கட்டம் யார் கையில் இருக்கிறது? பலகையில் இன்னும் என்னென்ன காய்கள் மிச்சம்? இந்த மூன்றையும் கேட்ட பிறகுதான் அவர் முடிவு சொல்வார்.

மெரானோ ஆட்டத்தில் பத்தாவது நகர்த்தலில் வெள்ளையின் d4 சிப்பாய் தனித்துவிட்டது. c வரிசையிலும் e வரிசையிலும் துணைக்கு ஆளில்லை. கார்ப்போவ் உடனே அதன்மேல் பாயவில்லை. சிறிய காய்களை, அதாவது குதிரைகளையும் மந்திரிகளையும், ஒவ்வொன்றாக மாற்றி வெட்டிக்கொண்டார். பன்னிரண்டாவது நகர்த்தலில் ஒரு ஜோடி மந்திரிகள் போயின. பதினாறு, பதினேழில் ஒரு ஜோடி குதிரைகள். பதினெட்டில் ஒரு வெள்ளைக் குதிரையும் ஒரு கறுப்பு மந்திரியும். மிஞ்சியது வெள்ளைக்கு ஒரு மந்திரி, கறுப்புக்கு ஒரு குதிரை மட்டும்.

இந்தப் பரிமாற்றங்களுக்குக் காரணம் உண்டு. தனித்த சிப்பாயை வைத்திருப்பவருக்கு அது சும்மா கிடைத்த சுமை அல்ல. பதிலுக்கு அவருக்கு இடம் கிடைக்கிறது. d4இல் சிப்பாய் இருந்தால் குதிரை e5இல் தைரியமாக உட்காரலாம், மந்திரிகள் எதிரி ராஜாவின் பக்கம் திரும்பலாம். அந்தத் தாக்குதலுக்குச் சிறிய காய்கள் தேவை. அவை பலகையை விட்டுப் போனதும் ஆதாயம் மறைந்து, காவல் காக்கும் செலவு மட்டும் மிஞ்சும்.

அடுத்தது முன் கட்டம். இருபத்தைந்தாவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை d5இல் வந்து அமர்ந்தது. தனித்த சிப்பாயின் முன்னே அமரும் காயை வேறொரு சிப்பாயால் விரட்ட முடியாது. விரட்ட வேண்டிய c சிப்பாயும் e சிப்பாயும்தான் இல்லையே. இப்படி மறித்து உட்காரும் உத்தியை அரோன் நிம்சோவிச் 1920களிலேயே விரிவாக எழுதிவைத்தார். கோர்ச்னாய் தன் கடைசி மந்திரியைக் கொடுத்து அந்தக் குதிரையை வெட்ட, கார்ப்போவ் யானையால் திருப்பி வெட்டினார். இப்போது இரு பக்கமும் ராணியும் இரண்டு யானைகளும் மட்டுமே. சில நகர்த்தல்களில் கறுப்பு யானை d5இலும் ராணி d7இலும் இன்னொரு யானை d8இலும் ஒரே கோட்டில் நின்றன.

இங்கேதான் பலவீனம் வேலை செய்யத் தொடங்குகிறது. கறுப்பு தன் e6 சிப்பாயை e5க்குத் தள்ளினால், d4 சிப்பாயால் அதை நிம்மதியாக வெட்ட முடியாது. வெட்டினால் d வரிசை திறந்து, d1இல் நின்ற வெள்ளை யானை அகப்பட்டுவிடும். அதைத் தடுக்க முப்பதாவது நகர்த்தலில் கோர்ச்னாய் f சிப்பாயை f4க்குத் தள்ளினார். d4 தப்பியது. ஆனால் ராஜாவுக்கு முன்னால் இருந்த கதவு திறந்துகொண்டது. ஒரு பலவீனத்தைக் காக்கப்போய் இன்னொன்றை உண்டாக்கிக்கொண்டார்.

கார்ப்போவ் இரண்டையும் பயன்படுத்தினார். கறுப்புச் சிப்பாய்களை ராணிப் பக்கத்தில் நகர்த்தி வெள்ளை யானையையும் ராணியையும் a வரிசைக்கு இழுத்தார். அவை தூரப் போனதும் முப்பத்தைந்தாவது நகர்த்தலில் e5. அதிலிருந்து மூன்று நகர்த்தல் கழித்து d4 சிப்பாய் ஒருவழியாக e5இல் வெட்டியது. பதிலுக்குக் கறுப்பு யானை d2இல் இருந்த வெள்ளை யானையை வெட்டிக்கொண்டு ராஜாவின் வீட்டு வாசலில் நின்றது. வெள்ளை a5இல் ஒரு சிப்பாயையும் கூடுதலாக வெட்டியது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. அடுத்தடுத்த செக்குகளில் வெள்ளை யானை பறிபோகும் நிலை வந்தது, ஆட்டம் முடிந்தது.

இதே அமைப்பு, அதாவது வெள்ளைக்கு d4இல் தனித்த சிப்பாய், கறுப்புக்கு e6இல் ஒரு சிப்பாய், 1936இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் மிகாயில் போட்வின்னிக்கும் மிலான் விட்மாரும் ஆடிய ஆட்டத்திலும் வந்தது. விட்மாரும் d5இல் குதிரையை வைத்து மறித்துப் பார்த்தார். ஆனால் சிறிய காய்கள் பக்கத்துக்கு மூன்று வீதம் பலகையில் மிச்சமிருந்தன. போட்வின்னிக்கின் குதிரை d4 சிப்பாயின் பலத்தில் e5இல் அமர்ந்திருந்தது. அவர் f சிப்பாயை f5 வரை கொண்டுபோய், கறுப்பின் e6 சிப்பாயை இடம்பெயர வைத்தார். அது போனதும் d5 குதிரைக்கு இருந்த சிப்பாய்க் காவல் போயிற்று. இருபதாவது நகர்த்தலில் குதிரை f7இல் பாய்ந்தது. இருபத்துநான்காவதில் விட்மார் விலகினார். மெரானோவில் சுமையாக இருந்த சிப்பாய் நாட்டிங்காமில் தாக்குதலின் அச்சாணியாக இருந்தது. வேறுபாட்டைத் தீர்மானித்தவை மிச்சமிருந்த காய்கள்.

பின்தங்கிய சிப்பாயை மதிப்பிடும்போது காய்களைவிட முன் கட்டத்தின் கேள்வி முதலில் வரும். சிசிலியன் தற்காப்பில் கறுப்பு தன் e சிப்பாயை e5க்குத் தள்ளினால் d6 சிப்பாய் பின்தங்கிப்போகும், d5 கட்டம் ஓட்டையாகும். இப்படி ஆடுவது தவறு என்ற எண்ணம் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. சோவியத் கிராண்ட்மாஸ்டர் ஐசக் பொலெஸ்லாவ்ஸ்கி இதையே தன் ஆயுதமாக்கினார். அவருடைய பெயரில் ஒரு வகையே வழங்குகிறது. அதன் தர்க்கம் எளிது. வெள்ளைக் குதிரை d5இல் வந்து உட்காரும்போது கறுப்பு அதைத் தன் காயால் வெட்டுகிறது. வெள்ளை e சிப்பாயால் திருப்பி வெட்டினால் d5இல் ஒரு வெள்ளைச் சிப்பாய் நிற்கும், d வரிசை அடைபடும். அதற்குப் பின்னால் d6 சிப்பாயை யானைகளால் நேராகத் தாக்க வழியில்லை. எதிரியின் சொந்தச் சிப்பாயே அதற்கு அரண். வெள்ளை d5இல் ஒரு காயை நிலையாக வைத்திருக்க முடிந்தால் மட்டுமே அந்தச் சிப்பாய் உண்மையான பலவீனம்.

இரட்டைச் சிப்பாயில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ரூய் லோபஸ் ஆரம்பத்தில் வெள்ளை மந்திரி c6 குதிரையை வெட்ட, கறுப்பு d சிப்பாயால் திருப்பி வெட்டும் வகையைப் பாருங்கள். நடுவில் ஒரு ஜோடிச் சிப்பாய்கள் வெட்டுப்பட்ட பிறகு ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. ராணிப் பக்கத்தில் கறுப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. கணக்கு சமம்தான். ஆனால் வெள்ளை தன் நான்கை வைத்து, தடுப்பார் இல்லாமல் ஓடும் சிப்பாய் ஒன்றை உருவாக்கிவிடலாம். கறுப்பின் நான்கில் இரண்டு c வரிசையில் அடுக்கி நிற்பதால் வெள்ளையின் மூன்றே அவற்றைத் தடுத்துவிடும். எல்லாக் காய்களும் போய் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் வெள்ளை வெல்லும் என்பது பழைய பாடம். காய்கள் இருக்கும்வரை கறுப்புக்கு இரண்டு மந்திரிகள் ஈடு.

இந்த வகையில் மிகவும் பேசப்பட்ட ஆட்டம் 1914இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் எமானுவேல் லாஸ்கர் கபபிளாங்காவை வென்றது. பன்னிரண்டாவது நகர்த்தலில் லாஸ்கர் f சிப்பாயை f5க்குத் தள்ளியபோது, தன் ராஜா பக்கப் பெரும்பான்மையைத் தானே முடக்கிக்கொண்டார். e4 சிப்பாய் பின்தங்கியது, e5 கட்டம் கறுப்புக் குதிரைக்குத் திறந்தது. பாடநூல்படி இது குறைபாடு. ஆனால் அதே f5 சிப்பாய் e6 கட்டத்தைப் பிடித்தது. பதினாறாவது நகர்த்தலில் லாஸ்கரின் குதிரை அங்கே அமர்ந்து கறுப்பின் காய்களை நெருக்கியது. இதற்கிடையே மந்திரிகளைப் பரிமாறியதில் கபபிளாங்காவின் இரட்டைச் சிப்பாய் பிரிந்துபோனது. ஒரு குறை நீங்கியது, ஆனால் d6இல் புதிதாக ஒரு குறி முளைத்தது. e5இல் தன் குதிரையை நிலைநிறுத்தக் கபபிளாங்காவுக்கு நேரமே கிடைக்கவில்லை. கடைசியில் முப்பத்தைந்தாவது நகர்த்தலில் அந்தப் பின்தங்கிய e4 சிப்பாயையே லாஸ்கர் e5க்குத் தள்ளிப் பலி கொடுத்தார். அது விட்டுப்போன e4 கட்டத்தில் அவருடைய இன்னொரு குதிரை வந்து நிற்க, கறுப்பின் நிலை சரிந்தது.

உங்கள் ஆட்டத்தில் இப்படிப்பட்ட சிப்பாய் ஒன்று தென்பட்டால், அடுத்த பரிமாற்றத்துக்கு முன் அதைப் பாருங்கள். பலவீனம் எதிரியுடையது, முன் கட்டம் உங்கள் கையில் என்றால் சிறிய காய்களை வெட்டிக்கொள்ளலாம், யானைகளை வைத்திருக்க வேண்டும். பலவீனம் உங்களுடையது என்றால் காய்களைக் காப்பாற்றி, அந்தச் சிப்பாயை முன்னே தள்ளவோ, அதற்கு ஈடாகக் கிடைத்த கட்டத்தில் குதிரையை அமர்த்தவோ வழி தேட வேண்டும். சிப்பாயைக் காப்பதற்காக இன்னொரு சிப்பாயை நகர்த்தத் தோன்றினால், அந்த நகர்த்தல் எந்தக் கட்டத்தைத் திறந்துவிடுகிறது என்று பார்த்த பிறகே கையை வையுங்கள். மெரானோவில் d4 பிழைத்தது. ஆட்டத்தைக் கொண்டுபோனது f4.