கத்தித் தீர்த்த பிறகு பிள்ளைக்கு அனுப்பும் செய்தி

பிளஸ் ஒன் படிக்கும் மகன். மறுநாள் வேதியியல் தேர்வு. இரவு பதினொன்றரைக்குக் கையில் போன். பிடுங்கப் போன அம்மா, "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு, நீயெல்லாம் உருப்படவே மாட்டே" என்று கத்த, அவனும் பதிலுக்குக் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். அடுத்து அவனுக்கு அம்மா என்ன எழுதுவது?

உடனே எழுத வேண்டாம்

கோபத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கும். அது அடங்கக் குறைந்தது இருபது நிமிடமாவது ஆகும். நடந்ததையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நீளும். வளரிளம் பருவத்தினருக்கு உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர, இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். அதனால் நடுராத்திரியில் அனுப்பும் செய்தி சண்டையின் இரண்டாம் பாகமாகிவிடும். மறுநாள், அவன் தேர்வு எழுதி முடித்த பிறகு அனுப்பலாம்.

'ஆனா' வந்தால் கெட்டது

அம்மாவின் கை முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நான் கத்தினது தப்புதான். ஆனா நீ போனைக் கீழ வச்சிருந்தா நான் ஏன் கத்தப்போறேன்? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

பையன் படிப்பது 'ஆனா'வுக்குப் பிறகு வருவதை மட்டும்தான். அவனுக்கு இது மன்னிப்பு இல்லை, இன்னொரு குற்றச்சாட்டு. மாற்றி எழுதினால்:

"டேய் கண்ணா, நேத்து உன்னை உருப்பட மாட்டேன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையனோட ஒப்பிட்டதும் தப்பு. சாரிடா. போன் விஷயத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் பேசலாம். நீ சொல்றதை முதல்ல கேக்கிறேன். இதுக்கு இப்பவே பதில் போடணும்னு இல்லை."

குத்திய வார்த்தை எது என்று இதில் பெயர் சொல்லியே வருகிறது. 'ஏதாவது தப்பாப் பேசியிருந்தா' என்ற மழுப்பல் இல்லை. இரவில் போன் கூடாது என்ற கண்டிப்பையும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. பேச ஒரு நாள் குறித்திருக்கிறார், அவ்வளவுதான். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கும் அப்பாக்கள் இந்த இடத்தைக் கவனிக்கலாம்.

நீல டிக் வந்தும் பதில் இல்லையா?

"பாத்தியா?", "ஏன் பேச மாட்டேங்கிற?" என்று தொடர்ந்து அனுப்பினால் முதல் செய்தி வீணாகும். வழக்கம்போலச் சாப்பிடக் கூப்பிடுங்கள். "ம்" என்று வந்து உட்கார்ந்தாலே அது பதில்தான். சாப்பாட்டுத் தட்டின் முன் போன் பேச்சை எடுக்காதீர்கள். சனிக்கிழமை வரை அது காத்திருக்கட்டும்.

செய்தி போதாத நேரம்

வீட்டில் அடிதடி நடந்திருந்தால், பல நாளாகச் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால், வாட்ஸ்அப்பை நம்பியிருக்காமல் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். 'நான் செத்துப் போறேன்' என்று பிள்ளை சொன்னால், கோபத்தில் சொன்னதுதானே என்று விடாதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்துகொண்டு உடனே உதவி கேளுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.