நாலரைக்குக் கறந்தது, ஆறரைக்கு வாசலில்

புது அடுக்குமாடி ஒன்றில் குடிவந்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும் பால்காரர் வழக்கமாகச் சொல்வது இதுதான்: "நல்ல பால்மா, தண்ணி கலக்க மாட்டோம், காலைல கரெக்டா வந்துடும்." இதை எல்லாரும்தான் சொல்கிறார்கள். அதனால் கேட்பவர் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடி கடைப் பாக்கெட்டையே வாங்குகிறார். அதே வாசலில் நின்று வேறு விதமாகவும் பேசலாம்.

"வணக்கம்மா. நாலு கறவை மாடு வச்சிருக்கேன். காலைல நாலரைக்குக் கறந்து ஆறரைக்குள்ள உங்க வாசல்ல வச்சிடுவேன். ஏழரைக்குள்ள காய்ச்சிடுங்க. நேத்து சாயந்தரப் பாலை இதுல கலக்குறதில்ல."

இந்த நாலு வரியில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. மடியிலிருந்து வரும் பால் மாட்டின் உடல் சூட்டில்தான் இருக்கும். குளிரூட்டாவிட்டால் அந்தச் சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர் வெயிலில் கறந்து மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. நாலரைப் பால் எட்டரைக்கு வந்தால் காபி தாமதமாவதோடு போகாது, அடுப்பில் வைத்ததும் திரிந்துவிடவும் கூடும். ஆகவே புதுப்பால் என்ற வாக்கும் நேரம் தவறாத வாக்கும் ஒன்றேதான். காய்ச்ச வேண்டிய நேரத்தைச் சொல்வதும் முக்கியம். எட்டு மணி வரை வாசலில் கிடந்த பால் திரிந்தால் பழி பால்காரர் மேல்தான் விழும். மீந்த சாயந்தரப் பாலைக் காலைப் பாலோடு சேர்த்தால் மொத்த கேனும் கெடும் என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது, அதனால் சொல்லத்தான் வேண்டும்.

சொல்லாமல் செய்து காட்ட வேண்டியதும் ஒன்று உண்டு. அசையாமல் நிற்கும் பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். மேலாக மொண்டால் முதல் வீட்டுக்கு ஆடை, கடைசி வீட்டுக்கு நீர்த்த பால். ஒவ்வொரு வாசலிலும் கேனை ஒரு கலக்குக் கலக்கி, நுரை அடங்கியபின் அளந்து ஊற்றுபவரிடம் 'தண்ணி கலப்பீங்களா' என்ற கேள்வி பெரும்பாலும் வராது.

தயிருக்கு வேறு கணக்கு. அதில் சொல்ல வேண்டியது உறை ஊற்றிய நேரம்: "தயிர் நேத்து ராத்திரி ஒன்பதுக்கு உறை ஊத்தினது. இன்னைக்கு மதியம் புளிப்பு இருக்காது. வெளிய வச்சா ராத்திரிக்குப் புளிச்சிடும், ஃபிரிட்ஜில வச்சுக்கங்க." புளிக்கும் என்று விற்பவரே சொல்வது வியாபாரத்துக்கு ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு வரிக்காகவே தயிர் வாங்குபவர்கள் உண்டு.

வீடுகள் பால்காரரை மாற்றுவது பெரும்பாலும் பாலால் அல்ல, மாதக் கணக்கால். "நாலு நாள் ஊருக்குப் போயிருந்தோமே, கழிச்சீங்களா?" என்று முதல் தேதி வாசலில் கேள்வி எழும். அவர் நோட்டில் ஒன்று, இவர் காலண்டரில் ஒன்று. இதற்கான வரியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: "நாளைக்குப் பால் வேணாம்னா இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லிடுங்க, அந்தக் காசு வராது. அதுக்கப்புறம் சொன்னா கணக்குல வரும், பாலை வேற வீட்டுக்கு மாத்த எனக்கு நேரமிருக்காது. திரிஞ்ச பாலுக்குக் காசு வேணாம், ஆனா அன்னைக்கே சொல்லணும்."

ஒரு ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். லிட்டர் 60 ரூபாய், அரை லிட்டர் தயிர் 45 ரூபாய் என்று வையுங்கள். தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீடு நாலு நாள் ஊரில் இல்லை. ஒரு நாள் பால் திரிந்தது. மீதி 25 நாளுக்கு 1,500 ரூபாய். விருந்தாளி வந்த இரண்டு நாள் அரை லிட்டர் கூடுதல், அதற்கு 60. தயிர் எட்டு முறை, 360. ஆக 1,920 ரூபாய். போன மாதம் சில்லறை இல்லாமல் பால்காரரிடம் நின்ற 50 ரூபாயைக் கழித்தால் 1,870. இதை ஒரே தொகையாகச் சொன்னால் சந்தேகம் வரும். ஊருக்குப் போன தேதிகளோடும் திரிந்த நாளோடும் சீட்டில் வரிவரியாக எழுதிக் கொடுத்தால், வீட்டுக்காரர் தன் காலண்டரோடு ஒப்பிட்டு இரண்டு நிமிடத்தில் காசை எடுத்து வைப்பார்.

விலை ஏற்றத்தை மட்டும் இந்தச் சீட்டில் முதன்முறையாகச் சொல்லக் கூடாது. தீவன விலை ஏறி லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூட்ட வேண்டியிருந்தால் இருபதாம் தேதி வாக்கில், பால் ஊற்றும்போதே, "ஒண்ணாம் தேதியிலேருந்து 62மா, இந்த மாசம் பழைய விலைதான்" என்று சொல்லிவிட வேண்டும்.