ஊதிய உயர்வு: எவ்வளவு கேட்பது?

ஊதிய மறுஆய்வுக் காலம் நெருங்கும்போது, 'எத்தனை சதவீத உயர்வு கேட்கலாம்?' என்ற கேள்வியே தனியார் நிறுவன ஊழியர்களிடையே முதலில் எழுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் பெற்றதையோ, நண்பரின் நிறுவனத்தில் தந்ததையோ வைத்து ஒரு சதவீதம் முடிவாகிறது. உயர்வு வந்து சில மாதங்களில், எதிர்பார்த்த வாழ்க்கைக்கும் வங்கிக் கணக்குக்கும் இடையே இடைவெளி அப்படியே இருப்பது தெரியவருகிறது. சதவீதத்திலிருந்து தொடங்காமல், விரும்பும் வாழ்க்கையின் மாதச் செலவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டால்தான் கேட்க வேண்டிய தொகை புலப்படும்.

சென்னையில் பணிபுரியும் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மனைவி, பள்ளி செல்லும் ஒரு குழந்தை, ஊரில் பெற்றோர். நிறுவனம் அவருக்கு ஆண்டுதோறும் செய்யும் மொத்தச் செலவான 'சிடிசி' ரூ.13.2 லட்சம். அலுவலகத்துக்கு அருகில் வீடு மாறவும், குழந்தையை வேறு பள்ளியில் சேர்க்கவும் அவர் விரும்புகிறார்.

புதிய வாழ்க்கைக்கான அவரது பட்டியல் இது: வாடகை ரூ.28,000, மளிகை உள்ளிட்ட வீட்டுச் செலவு ரூ.18,000, மின்சாரம், எரிவாயு, இணையம், கைப்பேசி ஆகியவற்றுக்கு ரூ.5,000, போக்குவரத்து ரூ.6,000, பெற்றோருக்கு ரூ.10,000, உடை, உணவகம், இதர செலவுகள் ரூ.9,000. மொத்தம் மாதம் ரூ.76,000.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். மாதந்தோறும் வராத செலவுகள்தாம் கணக்கைக் குலைப்பவை. பள்ளிக் கட்டணம் ரூ.1,20,000, மருத்துவக் காப்பீடு ரூ.48,000, வண்டிப் பராமரிப்பும் காப்பீடும் ரூ.18,000, தீபாவளி, உறவினர் திருமணங்கள், ஊர்ப் பயணம் ஆகியவற்றுக்கு ரூ.54,000 என ஆண்டுக்கு ரூ.2,40,000 ஆகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ.20,000. சேமிப்பையும் மிச்சமாகக் கருதாமல் செலவாகவே எழுத வேண்டும், அதற்கு ரூ.15,000. ஆக, கைக்கு வரவேண்டியது மாதம் ரூ.1,11,000. புதிய வீட்டுக்கான முன்பணம் ஒருமுறைச் செலவு என்பதால், அது இந்தக் கணக்கில் சேராது. கையிருப்பிலிருந்து தனியே திரட்ட வேண்டியது.

பட்டியல் முழுமையானதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. முதலில் இன்றைய செலவுகளையும் இதே முறையில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு, கடந்த 12 மாதங்களில் வங்கிக் கணக்கில் வந்த மொத்தத் தொகையிலிருந்து, அந்த ஓராண்டில் கூடிய இருப்பையும் முதலீட்டையும் கழித்தால், உண்மையில் செலவானது எவ்வளவு என்று தெரிந்துவிடும். எழுதிய பட்டியல் அதைவிடக் குறைவாக இருந்தால், ஏதோ ஒரு செலவு விடுபட்டிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்த பிறகே புதிய பட்டியலை நம்பலாம்.

இனி, கைக்கு வரும் தொகையிலிருந்து சிடிசிக்குச் செல்ல வேண்டும். நம் ஊழியரின் அடிப்படை ஊதியம் சிடிசியில் பாதி என்று கொள்வோம். அடிப்படை ஊதியத்தில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 12%, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு 4.81%. இவை சிடிசிக்குள்ளேயே அடங்கியவை. மாதச் சம்பளமாக வருவதில்லை. ஊழியர் பங்காக மேலும் 12% வைப்பு நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. தொழில் வரி ஆண்டுக்கு ரூ.2,500. இவற்றுக்குப் பிறகு வருமான வரி.

2025-26 நிதியாண்டில் நடைமுறைக்கு வந்த புதிய வரி விகிதங்களின்படி, வரிக்குரிய வருமானம் ரூ.12 லட்சத்தைத் தாண்டாதவரை வரி முழுவதும் தள்ளுபடியாகிறது. நிலைக் கழிவு ரூ.75,000-ஐச் சேர்த்தால், மொத்தச் சம்பளம் ரூ.12.75 லட்சம் வரை வரி இல்லை. நம் ஊழியர் இன்று இந்த எல்லைக்குள் இருக்கிறார். வருமான வரி ஏதுமின்றி, மாதம் சுமார் ரூ.93,900 அவர் கைக்கு வருகிறது.

பற்றாக்குறை மாதம் ரூ.17,100, ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.2.05 லட்சம். அந்தத் தொகையையே உயர்வாகக் கேட்டுப் பெற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சிடிசி ரூ.15.25 லட்சமாகும். ஆனால், கைக்கு வருவது மாதம் சுமார் ரூ.1,01,800 மட்டுமே. தேவைப்பட்ட ரூ.17,100-இல் பாதிகூட, அதாவது ரூ.8,000கூட, வந்து சேரவில்லை.

காரணம், ரூ.12 லட்சம் என்ற எல்லையைக் கடந்ததும் தள்ளுபடி மறைந்து, ரூ.4 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானம் முழுவதற்கும் வரி கணக்கிடப்படுகிறது. எல்லையைச் சற்றே தாண்டியவர்கள் பெரும் வரியில் சிக்காதிருக்க விளிம்பு நிவாரணம் உண்டு. அதன்படி வரியானது, ரூ.12 லட்சத்துக்கு மேல் ஈட்டிய கூடுதல் தொகையைத் தாண்டாது. அப்படியென்றால், அந்தக் கூடுதல் தொகை முழுவதும் வரியாகிறது என்பதே அதன் மறுபக்கம். மேற்சொன்ன ஊதிய அமைப்பில், சிடிசி ஏறத்தாழ ரூ.13.9 லட்சத்திலிருந்து ரூ.14.7 லட்சம் வரை உயர்ந்தாலும், கையில் கிடைக்கும் தொகை உயர்வதில்லை. வைப்பு நிதிப் பிடித்தமும் மேல்வரியும் சேர்வதால் சற்றுக் குறையவே செய்கிறது. அந்த உயர்வால் வளர்வது வைப்பு நிதியும் பணிக்கொடையும் மட்டுமே.

இந்தப் பகுதியைக் கடந்த பிறகு, கைக்கு மாதம் ரூ.1,000 கூடுதலாக வர வேண்டுமானால், சிடிசி ஆண்டுக்குச் சுமார் ரூ.16,800 உயர வேண்டும். இவ்வாறு கணக்கிட்டால், ரூ.1,11,000 கைக்கு வரத் தேவையான சிடிசி ரூ.16.8 லட்சம். தேவைப்படும் உயர்வு ரூ.3.6 லட்சம், அதாவது 27%. கையில் கிடைக்கும் ஊதியத்தில் 18% கூடுதலுக்காக, சிடிசியில் 27% கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லா நிறுவனங்களிலும் இதே எண்கள் வராது. வைப்பு நிதியை மாதம் ரூ.1,800 என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. அங்கு கைக்கு வருவது கூடும், ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும். சிடிசியில் ஒரு பகுதி செயல்திறன் சார்ந்த ஊக்கத்தொகை என்றால், அது உறுதியற்றது. மாத வாடகைக்கு அதை நம்ப முடியாது. எனவே, தமது ஊதியச் சீட்டைப் பிரித்துப் பார்த்து, இதே படிகளைத் தமது எண்களால் செய்வதே சரியானது. புதிய சிடிசியை ஏற்குமுன், அதற்கான மாதிரி ஊதியச் சீட்டை மனிதவளத் துறையிடம் கேட்டுப் பெறலாம்.

பேச்சுவார்த்தைக்குச் செல்லும்போது ஓர் எண் போதாது, இரண்டு வேண்டும். சற்றுத் தள்ளி ரூ.23,000 வாடகையில் வீடு, இதர செலவில் ரூ.3,000 குறைப்பு என்று ஏற்றுக்கொண்டால், மாதத் தேவை ரூ.1,03,000 ஆகும். அதற்கான சிடிசி ஏறத்தாழ ரூ.15.5 லட்சம், உயர்வு 17%. முதலாவது எண் இலக்கு, இரண்டாவது எண் எல்லை. எல்லைக்குக் கீழே முடிந்தால், வீடு மாறுவதையோ பள்ளி மாற்றத்தையோ தள்ளிப்போட வேண்டும், அல்லது வேறு வேலை தேட வேண்டும்.

இந்தப் பட்டியலை மேலாளரின் மேசையில் வைப்பதில் பயனில்லை. வாடகை உயர்ந்ததற்காக எந்த நிறுவனமும் ஊதியத்தை உயர்த்துவதில்லை. செய்த பணியும், அப்பணிக்குச் சந்தையில் தரப்படும் ஊதியமுமே அங்கே வாதங்கள். எந்தத் தொகைக்காக வாதிட வேண்டும், எதற்குச் சம்மதிக்கலாம், எங்கே மறுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே இந்தக் கணக்கின் வேலை. நம் ஊழியருக்கு 10% உயர்வு வழங்குவதாக மேலாளர் மகிழ்ச்சியோடு அறிவிக்கும்போது, அதனால் மாதத்துக்குச் சுமார் ரூ.5,000தான் கூடும் என்பது அவருக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.