அதே நிபந்தனை, கூடுதல் வாடகை

சென்னையில் மாதம் 12,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவருக்கு வீட்டுக்காரரின் கடிதம் வருகிறது: “ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிகிறது. வாடகை 5 சதவீதம் உயரும், மற்ற நிபந்தனைகள் அப்படியே. சம்மதமா என்று மார்ச் 10-க்குள் சொல்லுங்கள்.”

உயர்வு 600 ரூபாய்தான். ஆனால் “மற்றவை அப்படியே” என்ற வரிக்குள் அட்வான்ஸும் இருக்கிறது. பழைய ஒப்பந்தத்தில் “அட்வான்ஸ் 1,20,000 ரூபாய்” என்றிருந்தால் கவலையில்லை. “பத்து மாத வாடகை” என்றிருந்தால், வீட்டுக்காரர் இன்னும் 6,000 ரூபாய் கேட்கக்கூடும். எனவே பழைய பத்திரத்தை எடுத்து அந்த வரியையும், பராமரிப்புக் கட்டணம், காலி செய்யும் முன்னறிவிப்பு பற்றிய வரிகளையும் படித்துவிட வேண்டும்.

பதிலே போடாமல் ஏப்ரலில் 12,600 ரூபாய் அனுப்பினால், சம்மதித்ததாகவே அது கொள்ளப்படலாம். அதனால் பதிலை எழுத்தில் கொடுங்கள்: “12,600 ரூபாய்க்குச் சம்மதம். அட்வான்ஸ் 1,20,000-லேயே இருக்கட்டும்.” இருவரும் ஒத்துப்போனால் புதிய ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும்.