நரம்பில் ஏறும் முன்

வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபீஸ் வைரஸ் மூளைக்குப் போவது இரத்தத்தின் வழியாக அல்ல, நரம்பின் வழியாக. நோயுற்ற நாயின் உமிழ்நீரோடு கடிவாய்க்குள் இறங்கும் வைரஸ் பெரும்பாலும் அங்குள்ள தசையில் சில காலம் தங்கிச் சிறிதளவு பெருகுகிறது. பிறகு தசையும் நரம்பும் சேரும் முனையில் ஒட்டிக்கொண்டு நரம்பிழைக்குள் புகுந்து, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் முதுகுத்தண்டை நோக்கி ஏறுகிறது. நரம்புக்குள் இருக்கும் வைரஸை உடலின் எதிர்ப்பு அணுக்கள் கண்டுகொள்வதில்லை. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. காயமும் ஆறித் தழும்பாகிவிடுகிறது. ஆபத்து நீங்கிவிட்டது என்று குடும்பம் நம்புவது இந்த நாட்களில்தான்.

இந்த அமைதி பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதம் நீடிக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே முடியும். சிலருக்கு ஓராண்டு வரைகூடப் போகும். முகத்திலும் தலையிலும் கடிபட்டால் மூளைக்குத் தூரம் குறைவு, நாளும் குறைவு. சிறு குழந்தைகளின் முகம் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் அவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

முதல் அறிகுறி பல நேரங்களில் ஆறிப்போன தழும்பில் தோன்றும் குறுகுறுப்பும் அரிப்பும்தான். அற்பமாகத் தெரியும் அந்த அரிப்பு வரும்போது வைரஸ் நரம்பு மண்டலத்துக்குள் நுழைந்து முடித்திருக்கும். பிறகு தண்ணீரை விழுங்க முயன்றாலே தொண்டைத் தசைகள் இறுகித் துடிக்கின்றன. மின்விசிறிக் காற்று பட்டாலும் அப்படியே. சிலருக்கு இந்தத் துடிப்பே இல்லாமல் கைகால்கள் மெல்லச் செயலிழக்கும். இரண்டிலும் முடிவு ஒன்றுதான். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மரணம். இந்தக் கட்டத்தில் தடுப்பூசி போட்டுப் பயனில்லை. இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதம் மூளைக்குள் போதிய அளவு நுழைவதில்லை. அங்கே வைரஸை அழிக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்தும் இல்லை. பிழைத்தவர்கள் உலகெங்கும் மிகச் சிலரே. எனவே சிகிச்சைக்குக் கிடைக்கும் காலம், வைரஸ் நரம்பில் ஏறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் மட்டுமே.

தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதைக் கண்டு உடல் தானே எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. ஆனால் போதிய அளவு தயாராக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஆழமான காயத்தில் வைரஸ் அதுவரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளிக்காகவே இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி போடப்பட்ட மனிதர்களின் அல்லது குதிரைகளின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, ஆயத்தமான எதிர்ப்புப் புரதம் அது. காயத்திலேயே செலுத்தினால், நரம்பில் நுழையாத வைரஸை அங்கேயே முடக்கிவிடுகிறது. சில வாரங்களில் அது உடலிலிருந்து மறைந்துவிடும். அதற்குள் தடுப்பூசியின் பாதுகாப்பு நிலைபெற்றிருக்கும்.

இந்தக் கூட்டின் வலிமையை ஈரானில் 1954-இல் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. வெறிபிடித்த ஓநாய் ஒன்று ஒரே ஊரில் 29 பேரைத் தாக்கியது. தலையில் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தனர். தடுப்பூசியோடு எதிர்ப்புச் சீரமும் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவர் மட்டுமே.

கன்னத்தில் கடிபட்ட 15 கிலோ எடையுள்ள குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும்; வைரஸின் கொழுப்புறையைச் சோப்பு கரைத்துவிடும். மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், ஆக 600 யூனிட். ஒரு மில்லிலிட்டரில் 300 யூனிட் உள்ள குப்பியானால் 2 மில்லிலிட்டர். அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் இறங்கும் அளவுக்குச் செலுத்த வேண்டும். காயங்கள் பலவானால், எல்லாவற்றுக்கும் எட்டும்படி உப்புநீர் கலந்து அளவைப் பெருக்கிக்கொள்வார்கள். மருந்தை இடுப்பில் மட்டும் போட்டுவிட்டுக் காயத்தை விட்டுவிடுவதும், சீரம் செலுத்தும் முன் தையல் போடுவதும் பெரிய தவறுகள். தையல் ஊசியே வைரஸை ஆழத்துக்குத் தள்ளிவிடலாம்.

அதே நாளில் முதல் தடுப்பூசி, வேறு இடத்தில், வேறு சிரிஞ்சில் போடப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், கைகளின் தோலுக்குள் சிறு அளவில் போடுகிறார்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது. முதல் நாளில் இம்யூனோகுளோபுலின் கிடைக்காமல் போனால் ஏழாம் நாள்வரை போடலாம். அதற்குப் பிறகு உடலே புரதம் தயாரிக்கத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து வருவது அதற்கு இடையூறாகலாம். கடிபட்டுப் பல வாரங்கள் கழித்து வந்தவருக்கும், அறிகுறி இல்லையென்றால், சிகிச்சையை உடனே முதலிலிருந்து தொடங்குவார்கள். முன்பே முழுத் தடுப்பூசி பெற்றவருக்கு உடலில் நினைவணுக்கள் இருப்பதால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. காயத்தைக் கழுவி, 0, 3 ஆகிய இரு நாட்களில் ஊசி போட்டால் போதும்.